கணக்கர் விடுப்பில் போகும்போது எழுதித் தரும் தாள்

நம் கடைகளில் கணக்கு பார்ப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். மகள் திருமணம் என்று அவர் இரண்டு வாரம் விடுப்பு கேட்டால் நாம் மறுப்பதில்லை. புறப்படும் நாளன்று அவசரமாக ஒரு தாளில் நாலு வரி எழுதி, பில் போடும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் மொத்த மளிகைக் கடையில் அந்த நாலு வரி என்ன செய்தது என்பதை உறுப்பினர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

விடுப்பு 8-ஆம் தேதி முதல் 21 வரை. தாளில் இருந்தது இவ்வளவுதான்: "9 – செக் பேங்கில் போடவும். 11 – ஜி.எஸ்.டி. மில் பாக்கி பார்த்துக் கொடுக்கவும். 20 – ஜி.எஸ்.டி."

தம்பி 9-ஆம் தேதி காலையிலேயே செக்கைப் போட்டுவிட்டார். ரூ.64,500-க்கான அந்த செக்கைக் கொடுத்த சில்லறைக் கடைக்காரர், "அண்ணே, 16 வரை பொறுங்கள்" என்று கணக்கரிடம் முன்பே போனில் சொல்லியிருந்தார். கணக்கரும் சம்மதித்திருந்தார். அது அவர் மனதில் இருந்தது, தாளில் இல்லை. மறுநாள் பணமில்லை என்று செக் திரும்பியது. இரு பக்கமும் வங்கிக் கட்டணம் போனது. பத்து வருட வாடிக்கையாளர் மனம் கசந்தார். தவறு எங்களுடையது, அவரைக் குறை சொல்ல முடியாது.

இதிலே இன்னொன்றும் உண்டு. வங்கி கொடுத்த திருப்புச் சீட்டைத் தம்பி மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தார், கணக்கர் வந்து பார்ப்பார் என்று. உண்மையிலேயே ஏமாற்றும் ஆளின் செக்காக இருந்திருந்தால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் 12 நாள் இழுப்பறையிலேயே போயிருக்கும். செக்கின் 3 மாத ஆயுளுக்குள் மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் தேதி பார்க்க ஆள் வேண்டுமே.

11-ஆம் தேதி கதை வேறு. விற்பனை பில் விவரங்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.1-க்கு அன்றுதான் கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லாம் தயார். சமர்ப்பிக்க வேண்டிய ஓ.டி.பி. எங்கள் கைபேசிக்கு வரும். நாங்களோ கொள்முதலுக்கு விருதுநகர் போயிருந்தோம். சார்ஜ் இல்லாமல் கைபேசி அணைந்து கிடந்தது. மறுநாள்தான் தாக்கல் ஆயிற்று. தாமதக் கட்டணம் சிறிய தொகைதான். ஆனால் 14-ஆம் தேதி வாங்குபவருக்கு உருவாகும் 2பி பட்டியலில் எங்கள் பில்கள் இல்லை. வரி வரவு அடுத்த மாதம்தான் கிடைக்கும் என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் அதுவரை பணத்தை நிறுத்திக்கொண்டார்.

மில் பாக்கியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "பார்த்துக் கொடுக்கவும்" என்றால் எவ்வளவு என்று தம்பிக்கு எப்படித் தெரியும்? அவர் பேரேட்டில் கண்ட முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். ஈரமாக வந்த மூன்று மூட்டை பயறுக்குக் கழிக்க வேண்டியது கழிக்கப்படவில்லை.

இந்த வருடம் கணக்கர் மறுபடி விடுப்பு கேட்டபோது, நாங்கள் மூவரும் உட்கார்ந்து தாளை எழுதினோம். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, தொகை, பொருள் இருக்கும் இடம் ஆகியவற்றோடு, எண்ணியபடி நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் சேர்ந்தது. செக் வரி இப்படி மாறியது: "16 காலை – இரும்புப் பெட்டி, பச்சை உறை. போடுமுன் கடைக்காரருக்குப் போன் செய்யவும். அவகாசம் கேட்டால் முதலாளியிடம் சொல்லவும். திரும்பினால் அன்றே சீட்டை முதலாளி கையில் தரவும்."

ஜி.எஸ்.டி. வரி 11-லிருந்து 9-க்கு நகர்ந்தது; "முதலாளி ஊரில் இருக்கும் நாள்" என்று பக்கத்தில் எழுதினோம். மாத வரி கட்டும் 3பி-க்கு 20 கடைசி நாள் என்றாலும், பணம் அரசுக் கணக்கில் சேர நேரம் எடுப்பதால் 18 என்று போட்டோம். மில்லுக்கு எதிரே கழிவு போகத் தரவேண்டிய தொகையையே எழுதினோம். இ-வே பில் தளத்தின் ஓ.டி.பி. கணக்கரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தம்பி பெயரில் அவருடைய எண்ணோடு தனி உப பயனராகப் பதிவு செய்தோம். கடவுச்சொல் எதையும் தாளில் எழுதவில்லை. கையெழுத்திட்ட வெற்றுச் செக்கும் கொடுக்கவில்லை. சில கடைகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது, அது வேண்டாம்.

எழுதி முடித்ததும், கணக்கர் இன்னும் ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் தாளை மட்டும் பார்த்து வேலை செய்யும்படி தம்பியிடம் சொன்னோம். மதியத்துக்குள் நான்கு முறை எழுந்து போய்க் கேட்டார். கேட்ட நான்கையும் தாளில் சேர்த்த பிறகுதான் கணக்கர் ஊருக்குப் பஸ் ஏறினார்.