கயிற்றை யாரும் தின்னவில்லை

செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்று போட்டிருந்தால், நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று பொருள். அதே சொல் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் வரும்போது கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வழியில் அதற்கு இடைஞ்சல் இருக்கிறது, அவ்வளவே. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. இதைவிடப் பெரிய தடுமாற்றம் ஒன்றும் உண்டு. செல்லிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் பாதியை பல்பு தின்றுவிடுகிறது, மீதிதான் திரும்பிப் போகிறது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போடும் பிள்ளைகளிடமும் இந்த எண்ணம் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுக்க ஒரு சின்னக் கதையும் ஒரு துணிக்கொடிக் கயிறும் போதும்.

கதை இதுதான்.

ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா, துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முடிந்து பெரிய வளையமாக்கினார். சாணுக்கு ஒரு முடிச்சும் போட்டார். கயல், அவள் தம்பி, அத்தை மூவரும் வட்டமாக உட்கார்ந்து கயிற்றைக் கைக்குள் லேசாக விட்டுக்கொண்டார்கள். தாத்தா கை மாற்றி மாற்றி இழுத்தார். கயிறு எல்லார் கையிலும் ஒரே நொடியில் நகர ஆரம்பித்தது.

"கயலு, இப்ப கயித்த இறுக்கிப் பிடி. ஆனா நிறுத்திடாத."

கயல் பிடித்தாள். கயிறு மெதுவானது. கொஞ்ச நேரத்தில் அவள் கத்தினாள்: "தாத்தா, கை சுடுது!"

"சுடட்டும். நீதான் பல்பு."

தம்பிக்கு ஒரு சந்தேகம். "அப்ப அக்கா கைக்குள்ள போன கயிறு கொஞ்சம் தீர்ந்துடுச்சா?"

"எண்ணிப் பாருடா."

கயலுக்கு இந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்தான், அந்தப் பக்கம் அத்தை. தாத்தா இருபது எண்ணி முடிப்பதற்குள் தம்பி கையில் பத்து முடிச்சு கடந்தது. அத்தை கையிலும் பத்து.

"இப்ப நீயும் இறுக்கிப் பிடி" என்றார் தாத்தா. தம்பியும் பிடித்தான். கயிறு இன்னும் மெதுவானது. அவனுக்கு அடுத்து மட்டும் அல்ல, வட்டம் முழுக்க. பிறகு அத்தை எழுந்துபோய்த் தாத்தாவோடு சேர்ந்து இழுத்தாள். கயிறு மறுபடி வேகமெடுத்தது. உள்ளங்கைகள் முன்பைவிடச் சுட்டன.

கடைசியில் தாத்தா மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்தார். கயிறு நின்றது. தம்பி அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். ஒரு முடிச்சுகூடக் குறையவில்லை.

கதை இவ்வளவுதான். இனி அதற்குள் இருக்கும் பாடம்.

ஒரு கையைக் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு கடக்கிறது என்பது மின்னோட்டம். அதை ஆம்பியரில் அளக்கிறோம். தாத்தா இழுக்கும் வலு மின்னழுத்தம். அதன் அளவு வோல்ட். கயலின் பிடி மின்தடை. அதன் அளவு ஓம். பிடித்தால் கயிறு நிற்பதில்லை, மெதுவாகிறது. செய்தித்தாளின் மின்தடைக்கும் பாடப்புத்தகத்தின் மின்தடைக்கும் வேறுபாடு அங்கேதான். கயிற்றை அறுத்துவிட்டால் எல்லார் கையிலும் ஒரேயடியாக நின்றுபோகுமே, செய்தித்தாள் சொல்வது அதை.

இதை ஒரு சாதாரண டார்ச்சில் பொருத்திப் பார்க்கலாம். உள்ளே 1.5 வோல்ட் செல் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக: மொத்தம் 3 வோல்ட். எரியும்போது குண்டு பல்பின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும்: 3 ÷ 10 = 0.3 ஆம்பியர். அதே மாதிரி இன்னொரு பல்பை வரிசையில் சேர்த்தால் தடை 20 ஓம், ஓட்டம் 0.15 ஆம்பியர். இரண்டு பல்பும் மங்கலாகத்தான் எரியும், ஆனால் ஒரே அளவு மங்கல். பல்பு மின்னோட்டத்தைத் தின்பது உண்மையானால் முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் அல்லவா எரிய வேண்டும்? பிள்ளையிடம் முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு பல்புகளை இணைத்துக் காட்டுவது நல்லது. செல்லை வைத்து மட்டும் செய்ய வேண்டும். சுவரிலுள்ள பிளக் பக்கமே போகக் கூடாது. பல்பே இல்லாமல் செல்லின் இரு முனைகளையும் கம்பியால் இணைக்கவும் கூடாது. பிடிக்க ஆளில்லாத கயிற்றைத் தாத்தா வெறிகொண்டு இழுப்பது போல ஓட்டம் எகிறி, கம்பியும் செல்லும் சூடேறிவிடும்.

அம்மீட்டர் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. இரண்டு பல்பு போட்டபோது கணக்குப்படி 0.15 வர வேண்டும். கருவி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கணக்கு தவறில்லை. பல்பின் டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் தடை கூடும், ஆறினால் குறையும். மங்கலாக எரியும் இழையின் சூடு குறைவு, ஆகவே தடையும் 10 ஓமுக்குக் குறைவு. கயலின் பிடி கடைசிவரை ஒரே மாதிரி இருக்கலாம்; பல்பின் பிடி அப்படி இருப்பதில்லை.

இந்த வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்த கேயார்க் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருக்கு வந்த தொல்லை, களைத்துப்போகும் தாத்தாவால் வந்த தொல்லைதான். அந்தக் காலத்து பேட்டரிகளின் அழுத்தம் நிலையாக நிற்காது, அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். எனவே பேட்டரியை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்த வெப்ப வேறுபாடு தந்த அழுத்தம் சிறியது, ஆனால் மாறாதது. இழுக்கும் வலு மாறாமல் நின்ற பிறகுதான் கம்பியின் நீளம் கூடக் கூட ஓட்டம் எப்படிக் குறைகிறது என்று அவரால் சரியாக அளக்க முடிந்தது. முடிவுகளை 1827-இல் நூலாக வெளியிட்டார்.

கயிறு ஓரிடத்தில் பிள்ளைகளை ஏமாற்றக்கூடும். கயிறு விறுவிறுவென்று ஓடுகிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் அப்படி ஓடுவதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் 0.3 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் ஒரு நிமிடத்தில் சராசரியாக நகரும் தூரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. எறும்பு அதைவிட வேகம். ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் பல்பு எரிகிறது, ஏனென்றால் கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. கயிறு எல்லார் கையிலும் ஒரே நொடியில் நகர்ந்தது போல, அவையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நகரத் தொடங்குகின்றன.

சரி, டார்ச்சில் செல் தீர்ந்துபோச்சு என்கிறோமே, அப்போது தீர்ந்தது எது? எலக்ட்ரான்கள் அல்ல. கிளம்பியவை அனைத்தும் சுற்றி வந்து சேர்ந்துவிட்டன. செல்லுக்குள் இருந்த வேதிப்பொருள்கள் மாறி மாறி, இனி இழுக்க வலு இல்லாமல் போய்விட்டன. அந்த வலுதான் இத்தனை நாளும் பல்பில் சூடாகவும் வெளிச்சமாகவும் வெளியேறிக்கொண்டிருந்தது. தம்பி கையில் கயிறு முழுசாக இருக்கிறது. திண்ணையில் தாத்தாதான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.