மூலையில் ஒரு வழவழப்பு

சென்ற மாதம் ஒரு கல்யாணப் படம் என் மேஜைக்கு வந்தது. கறுப்பு வெள்ளை, ஆறுக்கு நாலு அங்குலம், பின்பக்கம் பேனாவில் 1974 என்று எழுதியிருந்தது. மணமக்கள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மேல் மூலையில் மட்டும் பூஞ்சை பிடித்து, பின்சுவரையும் திரைச்சீலையின் மடிப்புகளையும் தின்றிருந்தது. ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் அந்த மூலையை வளைத்துப் பிடித்து Generative Fill கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவர் வந்தது, மடிப்பு வந்தது, நிழல்கூட சரியான பக்கம் விழுந்திருந்தது. அப்படியே 12க்கு 8 அங்குலத்தில் அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

படத்தை வாங்கிய அக்கா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மூலை மட்டும் வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருக்கே?"

அவர் கண்ணில் பட்டது இரண்டு குறைகள். இரண்டும் சேர்ந்து ஒரே வழவழப்பாகத் தெரிந்தன. ஆனால் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. பலரும் ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு, இன்னும் ஏன் ஒட்டவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

முதல் குறை பிக்சல் கணக்கு. ஆறுக்கு நாலு படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும். பூஞ்சை தின்ற மூலை அதில் ஏறக்குறைய 1500க்கு 1200. Generative Fill 2023ல் வந்தபோது, ஒரே தடவையில் அது வரைந்து தந்தது பக்கத்துக்கு 1024 பிக்சல்தான். பின்னால் வந்த மாடல்களில் இந்த அளவு கூடியிருக்கிறது. ஆனால் ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. நாம் வளைத்த இடம் வரம்பைவிடப் பெரிதாக இருந்தால், சின்னதாக வரைந்து, இழுத்து, அந்த இடத்தில் பொருத்திவிடும். என் மூலை ஒன்றரை மடங்கு இழுபட்டிருந்தது. மணமகளின் புடவைக் கரையில் ஒரு பிக்சல் அகலத்தில் நிற்கும் கோடு, அந்த மூலையில் ஒன்றரை பிக்சலுக்குக் கலங்கிப் போயிருந்தது. எந்த எச்சரிக்கையும் வராது. திரைக்கு அடக்கிப் பார்க்கும்போது தெரியவும் தெரியாது.

இரண்டாவது குறை குருணை. தொழிலில் கிரெயின் என்பார்கள். பழைய பிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்பு, டெவலப்பரில் வெள்ளித் துகளாக மாறித் திட்டுத்திட்டாக நிற்கும். நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும்போது அந்தத் திட்டுகளும் சேர்ந்து பெரிதாகும். வெறும் சாம்பல் சுவர் என்று நாம் நினைக்கிற இடத்தை உற்றுப் பார்த்தால், ரவை கொட்டின மாதிரி இருக்கும். எந்தத் துகள் எங்கே விழும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது.

ஒழுங்கு இல்லாததை இந்தக் கருவிகளால் ஊகிக்க முடியாது. சுவர் தொடரும், மடிப்பு கீழே இறங்கும் என்பதையெல்லாம் சுற்றுப்புறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அடுத்த புள்ளி கொஞ்சம் கறுப்பா கொஞ்சம் வெளுப்பா என்று எப்படிச் சொல்வது? தெரியாதபோது நடுவாந்திரமாக ஒரு சாம்பலைப் பூசுவதுதான் பத்திரம். அது மட்டுமல்ல. இந்த மாடல்கள் பயின்ற பாடமே இரைச்சலை நீக்குவதுதான். முழுக்கப் புள்ளிகள் இறைந்த ஒரு பரப்பில் தொடங்கி, படிப்படியாகப் புள்ளிகளைக் களைந்து, அடியில் இருக்கக்கூடிய உருவத்தை வெளியே கொண்டுவருவது அதன் வேலை. நாம் பொக்கிஷமாக நினைக்கும் குருணை, அதன் கணக்கில் கூட்டித் தள்ள வேண்டிய குப்பை.

சுருக்கலும் ஒரு காரணம். எல்லோரும் திறந்து பார்க்க முடிந்த Stable Diffusion இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்புகளில், எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டம் ஒவ்வொன்றும் நான்கே எண்களாகச் சுருக்கப்படும். 64 பிக்சல், மூன்று நிறம், ஆக 192 எண்கள் இருந்த இடத்தில் நான்கு. மாடல் யோசிப்பது அந்த நான்கு எண்களில்தான். கடைசியில் அவற்றை விரித்துப் படமாக்கும்போது சுவர் திரும்பி வரும். ரவை திரும்பி வராது.

சரி, இனி அச்சுக்குப் போகாமலே எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் நாலைந்து பிக்சல் சேர்ந்து ஒன்றாகிக் குருணை கரைந்துவிடும், ஒட்டு தெரியாது. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves அடுக்கு போட்டு, கோட்டைச் செங்குத்தாக நிமிர்த்திப் படத்தை முரட்டுத்தனமாக்குங்கள். ஒட்டு வைத்த இடம் இஸ்திரி போட்ட மாதிரித் தனியாகத் தெரியும். பார்த்து முடித்ததும் அந்த அடுக்கைத் தூக்கிவிடலாம். நான் அந்தப் படத்துக்கு இதைச் செய்திருந்தால் அக்கா சொல்ல வேண்டி வந்திருக்காது.

இரண்டாம் முறை உட்கார்ந்தபோது பிக்சல் கணக்கை முதலில் சரிசெய்தேன். மூலையை மொத்தமாக வளைக்காமல், 800 பிக்சலுக்கு மிகாத நான்கு துண்டுகளாகப் பிரித்தேன். நல்ல சுவரை ஒட்டிய துண்டில் தொடங்கி, அடுத்ததை வளைக்கும்போது முன்னதின் மேல் 100 பிக்சல் ஏறும்படி வைத்துக்கொண்டேன். இந்த ஏற்றம் இல்லாவிட்டால் திரைச்சீலையின் மடிப்பு ஒரு துண்டில் ஓர் இடத்திலும் அடுத்ததில் இன்னோர் இடத்திலும் இறங்கும். அப்படியும் ஒரு மடிப்பு பிசகியது. நாலைந்து முறை திரும்பத் திரும்ப வரைய விட்டுத்தான் ஒன்று பொருந்தியது. துண்டாக்குவதன் விலை இந்தப் பொறுமை.

இப்போது கூர்மை ஒத்துவிட்டது. குருணைதான் பாக்கி. எவ்வளவு தூவ வேண்டும் என்பதைக் கண்ணால் முடிவுசெய்ய நான் விடுவதில்லை. கண் சீக்கிரம் பழகிவிடும். போட்டோஷாப்பின் Histogram பலகையை விரித்தால் Std Dev என்று ஓர் எண் இருக்கும். வளைத்த இடத்தில் பிக்சல்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு அது. பழைய சுவரில், நிழலோ மடிப்போ இல்லாத ஒரு சின்னக் கட்டத்தை வளைத்தேன். 8 காட்டியது. புதுச் சுவரில் அதே வெளுப்புள்ள கட்டம் 2. பலகையில் சிறு எச்சரிக்கைக் குறி தெரிந்தால் அதைச் சொடுக்கிப் புதுப்பித்த பிறகே எண்ணை நம்ப வேண்டும்.

எட்டில் இரண்டு போக ஆறு என்று கழிக்கக் கூடாது. தொடர்பில்லாத இரண்டு சிதறல்கள் சேரும்போது வர்க்கங்களாகத்தான் கூடும். 64லிருந்து 4ஐக் கழித்து, 60க்கு வர்க்கமூலம் எடுத்தால் 7.7 வரும். ஆக ஏறக்குறைய முழுக் குருணையையும் நாமே தூவ வேண்டும்.

நான்கு துண்டுகளையும் ஒரு குரூப்பில் போட்டு, அதன் மேல் Overlay முறையில் நடுச்சாம்பல் நிரப்பிய ஓர் அடுக்கை வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் Alt அழுத்திச் சொடுக்கினால், மேல் அடுக்கு அந்தத் துண்டுகளின் மேல் மட்டும் வேலை செய்யும். அடுக்கை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொண்டால் பிறகு எண்களை மாற்றலாம். அதில் Add Noise, Gaussian, Monochromatic. Overlay எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நடுச்சாம்பலில் குருணை நன்றாகத் தெரியும். அடர்ந்த கறுப்பிலும் சுத்த வெள்ளையிலும் தானாகவே அடங்கிவிடும். பழைய அச்சிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். Add Noise தூவுவது ஒரு பிக்சல் அகல மணல். ஸ்கேனில் இருக்கும் குருணையோ இரண்டு மூன்று பிக்சல் அகலத் திட்டு. Std Dev ஒத்துப்போனாலும் மணலும் ரவையும் ஒன்றாகாது. அதனால் அந்தச் சாம்பல் அடுக்குக்கு மட்டும் Gaussian Blur ஒரு பிக்சல் அளவில் கொடுத்தேன். புள்ளிகள் ஒன்றோடொன்று உருகித் திட்டானது. கூடவே அவற்றின் வீரியமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகவே Add Noise அளவை மூன்றரை மடங்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவது, மங்கலாக்குவது, எண்ணைப் பார்ப்பது என்று மூன்று நான்கு சுற்று போனால் 8க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எண் வந்துவிட்டது, ஆனாலும் ஒட்டைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. துண்டின் ஓரத்தை நான் அகலமாக மங்கவிட்டிருந்ததால் வந்த வினை. பழைய குருணையும் புதுக் குருணையும் பாதிக்குப் பாதி கலக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். சிதறல் 8 இருக்க வேண்டிய இடத்தில் 5.7தான் நிற்கும். ஓரத்தை இரண்டு மூன்று பிக்சலுக்குக் குறுக்கினேன், முடிந்த இடங்களில் திரைச்சீலையின் மடிப்புக் கோட்டோடு ஓட்டினேன். வளையம் போயிற்று.

இந்த வைத்தியம் எல்லாப் படத்துக்கும் பலிக்காது. சில ஸ்டூடியோக்கள் தேன்கூடு மாதிரியோ பட்டுத் துணி மாதிரியோ புடைப்பு உள்ள தாளில் அச்சிட்டுக் கொடுத்தன. ஸ்கேனர் அந்தப் புடைப்பையும் எடுத்துவிடும். அது ஒழுங்கான வடிவம், மணல் தூவி வராது. படத்திலேயே ஒரு வெற்று இடத்தை எடுத்து, High Pass வடிகட்டியால் புடைப்பை மட்டும் பிரித்து ஒட்டின் மேல் வைக்க வேண்டும். அதே துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தால், ஒரே அச்சில் வார்த்த மாதிரி உடனே காட்டிக்கொடுத்துவிடும். செல்போன் படங்கள் இன்னொரு தினுசு. போனே இரைச்சலைத் துடைத்துவிட்டு ஓரங்களைக் கூர்மையாக்கி வைத்திருக்கும். அவற்றில் குருணை மிகக் குறைவாகத்தான் தேவைப்படும். மிச்சமிருக்கும் இரைச்சலில் நிறமும் கலந்திருக்கும் என்பதால் Monochromatic குறியை எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்தான் படம் என்றால் இத்தனை பாடும் வீண். அந்தச் சின்ன அளவில் அசல் குருணையே மிஞ்சுவதில்லை.

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதிருக்க ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய அச்சுக்கு அனுப்பும் முன், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் இரண்டு அங்குலத் துண்டை மட்டும் வெட்டி, அதே தாளில், அதே அளவில் அச்சிட்டுப் பாருங்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.