பில்லின் இரண்டாவது வரி

இணையக் கடையில் ஒரு போனைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டதும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு பெட்டி குறுக்கே வருகிறது: ‘400 ரூபாய் கவர், இப்போதே சேர்த்தால் 300 ரூபாய்.’ பலரும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில், அந்தப் பெட்டியைக் காட்டும் மென்பொருள் ‘என்னால் இவ்வளவு கூடுதல் விற்பனை’ என்று கடைக்காரருக்கு அறிக்கை தருகிறது. அதில் எவ்வளவு உண்மையிலேயே கூடுதல் என்பதை அறிக்கை சொல்லாது. ஆர்டர் வரிகள் சொல்லும்.

பில்லில் போனுக்கு ஒரு வரி, கவருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண், பொருள், எண்ணிக்கை, விலை, தள்ளுபடி இருக்கும். கவனமான கடைகள், அந்தப் பொருள் எந்தப் பக்கத்திலிருந்து கூடைக்கு வந்தது, பிறகு திரும்பி வந்ததா என்பதையும் பதிந்துவைக்கும். போன் உள்ள நூறு ஆர்டர்களில் கவரும் உள்ளவை எத்தனை என்பதே ‘அட்டாச் ரேட்’. சார்ஜர் மட்டும் வாங்கியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒருவர் ஐந்து கவர் வாங்கினாலும் அது ஓர் ஆர்டர்தான். திரும்பி வந்த கவர்களைக் கழித்துவிட வேண்டும்.

இந்த விகிதம் ஏறியதாலேயே வருமானமும் ஏறியதாகச் சொல்ல முடியாது. பெட்டியில் கவர் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், பெட்டி வராவிட்டாலும் தாங்களே தேடி வாங்கியிருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று அறிய ஒரு நேர்மையான வழி உண்டு. வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெட்டியைக் காட்டாமல் விட்டுவிடுவது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ஆயிரம் பேர் போன் வாங்குகிறார்கள். பெட்டியைப் பார்க்காத ஆயிரம் பேரில் 200 பேர் தாங்களாகவே கவரைத் தேடி 400 ரூபாய்க்கு எடுக்கிறார்கள். வரவு 80,000 ரூபாய். பார்த்தவர்களில் 190 பேர் பெட்டியில் 300 ரூபாய்க்கும், 110 பேர் வழக்கம்போல் 400 ரூபாய்க்கும் எடுக்கிறார்கள், வரவு 1,01,000. அட்டாச் ரேட் 20 சதவீதத்திலிருந்து 30 ஆகிவிட்டது. பெட்டியின் அறிக்கை 190 கவர்களையும் தன் கணக்கில் எழுதி 57,000 ரூபாய் என்று காட்டும். உண்மையான வித்தியாசம் 21,000தான்.

கணக்கு அதோடு முடியவில்லை. அடுத்த முப்பது நாள் ஆர்டர் வரிகளையும் பார்க்க வேண்டும். பெட்டியைப் பார்க்காதவர்களில் 40 பேர் பிறகு வந்து கவர் வாங்குகிறார்கள். பார்த்தவர்களில் 10 பேர்தான் வருகிறார்கள். மற்ற 30 பேரின் விற்பனை முன்கூட்டியே நடந்துவிட்டது, அவ்வளவுதான். இதையும் சேர்த்தால் கூடுதல் வரவு 9,000 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இனி லாபம். ஒரு கவரின் அடக்கவிலை 150 ரூபாய் என்றால், பெட்டியில்லாத பக்கத்தில் 240 கவர்களுக்கு லாபம் 60,000. பெட்டியுள்ள பக்கத்தில் 310 கவர்கள் விற்றும் லாபம் 58,500. எழுபது கவர் கூடுதலாகப் போயும் 1,500 ரூபாய் குறைவு. முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் நூறு ரூபாய் தள்ளுபடி போனதுதான் காரணம். தனியாக அனுப்ப வேண்டிய 30 பார்சல்கள் மிச்சமானதைச் சேர்த்தால் அந்தக் குறை ஓரளவு ஈடாகலாம்.

ஆர்டர் வரிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. பெட்டியைப் பார்த்து எரிச்சலடைந்து போனையே வாங்காமல் போனவர் அவற்றில் இருக்கமாட்டார். அதனால் கூடைவரை வந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஆயிரத்தில் பத்து ஆர்டர் குறைந்தால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இன்னும் பல ஆயிரம் பேரைப் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது.

அட்டாச் ரேட்டை உயர்த்தக் குறுக்குவழியும் இருக்கிறது: வாடிக்கையாளரைக் கேட்காமலே பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது. இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இதை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. இப்படி ஏறிய விகிதத்தையும் வரிகளிலேயே அடையாளம் காணலாம். அந்தப் பொருள் மட்டும் ரத்தாவதும் திரும்பி வருவதும் கூடும்.

நம் கணக்கில் உள்ள கடைக்காரர் அடுத்துச் சோதிக்க வேண்டியது, அதே பெட்டியைத் தள்ளுபடி இல்லாமல் 400 ரூபாய்க்கே காட்டுவது. விகிதம் 30 சதவீதத்தை எட்டாமல் போகலாம். ஆனால் அப்போது மொத்தம் 240-ஐத் தாண்டி விற்கும் ஒவ்வொரு கவரும் 250 ரூபாய் லாபத்தைக் கொண்டுவரும்.