அரை இஞ்ச் பைப்பில் அரை இஞ்ச் எங்கே இருக்கு?

இன்னிக்கு ஒரு சின்ன விஷயம்தான், ஆனா ஆரம்பத்துல எனக்கு ஒரு முழு நாள் வேலையைக் கெடுத்த விஷயம்.

நான் பட்டறையில சேர்ந்த புதுசு. ஒரு விடுதிக்குத் தண்ணீர் லைன் மாத்தணும். பழைய ஜிஐ பைப்பை வெர்னியர்ல அளந்தேன், 21.3 மில்லிமீட்டர் வந்துச்சு. 25.4-ஆல் வகுத்தா 0.84. இது முக்காலுக்குக் கொஞ்சம் மேல, அதனால முக்கால் இஞ்ச்தான்னு முடிவு பண்ணி சீட்டு எழுதி எல்போ வாங்கிட்டு வந்தேன். மாட்டிப் பார்த்தா பைப் உள்ளே லொடலொடன்னு ஆடுது. மேஸ்திரி பார்த்துட்டு, "தம்பி, இது அரை இஞ்ச் பைப்பு"ன்னார். நான் அளந்ததுல அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர், எங்கேயுமே இல்லையே!

காரணம் பழசு. இரும்பு பைப் வந்த காலத்துல, எவ்வளவு தண்ணீர் போகும்ங்கிறதுதான் முக்கியம். அதனால உள் துளையை வெச்சுப் பேர் வெச்சாங்க. சுவர் தடிமனா இருந்ததால வெளி விட்டம் ரொம்பப் பெரிசா இருந்துச்சு. பின்னாடி மெல்லிய சுவரோட பைப் செய்ய முடிஞ்சப்போ, வெளிப்பக்கத்தைக் குறைக்கலை. குறைச்சா ஏற்கெனவே இருக்கிற டை, எல்போ, சாக்கெட் எதுவும் பொருந்தாது. அதனால துளை பெரிசாச்சு, பேர் அப்படியே நின்னுடுச்சு.

இன்னிக்கும் நம்ம ஊர் அரை இஞ்ச் ஜிஐ பைப்பை எடுத்துக்கோங்க. லைட், மீடியம், ஹெவின்னு மூணு வகை. சுவர் 2, 2.6, 3.2 மில்லிமீட்டர். வெளி விட்டம் மூணுக்கும் ஏறக்குறைய 21.3தான். துளை மட்டும் 17.3, 16.1, 14.9ன்னு மாறும். ஆக, அரை இஞ்ச்ங்கிறது அளவு இல்லை, பேர்.

அடுத்தது மரை. ஜிஐ பைப் மரை நேரா இருக்காது, கூம்பு மாதிரி சரிஞ்சிருக்கும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் கூடும். அரை இஞ்ச் மரையோட நுனியில வெர்னியரை வெச்சா சுமார் 20.4 காட்டும், உள்ளே தள்ளி வெச்சா 21.2 தாண்டும். எந்த இடத்துல அளந்தோம்னு சொல்லாம விட்டம் சொல்றதுக்கு அர்த்தமே இல்லை. தரப்பட்டியல்ல இருக்கிற 20.955, நுனியிலிருந்து 8.2 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற ஒரே ஒரு இடத்தோட விட்டம்.

அந்த 8.2க்கும் ஒரு அர்த்தம் உண்டு. கையால திருகினா பைப் ஏறக்குறைய அவ்வளவு தூரம் போய் இறுகும், அதாவது நாலரை சுற்று. அப்புறம் ரிஞ்ச் போட்டு இன்னும் ரெண்டே முக்கால் சுற்று திருகணும். ஒரு சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர், அதனால இன்னும் 5 மில்லிமீட்டர் போகும். மொத்தம் சுமார் 13 மில்லிமீட்டர். அங்கே பைப் எல்போவோட அடியில போய் முட்டி நிக்கலை. ஆப்பு மாதிரி இறுகி நிக்குது.

இது தெரியாமத்தான் அன்னிக்கு ரெண்டாவது தப்பும் பண்ணேன். சரியான எல்போ வந்ததும், ரெண்டு எல்போவோட வாய்க்கு வாய் அளந்தேன், 400 மில்லிமீட்டர். பைப்பையும் 400க்கே வெட்டிட்டேன். ஒவ்வொரு பக்கமும் 13 உள்ளே போகணும். அப்போ 426 வெட்டியிருக்கணும். துண்டு வீணாச்சு, விடுதிக்குத் தண்ணீர் ராத்திரிதான் வந்துச்சு.

இந்த 13கூட கல்வெட்டு இல்லை. டை எவ்வளவு ஆழமா வெட்டுச்சோ அதுக்கேத்த மாதிரி ஒரு சுற்று முன்னே பின்னே ஆகும். அதனால நான் இப்போ முதல் துண்டுல மரை போட்டு, எல்போவுல இறுக்கிப் பார்த்து, உள்ளே போனதை அளந்துட்டுத்தான் மத்ததை வெட்டுறேன்.

கை சுற்றுலயே தப்பு தெரிஞ்சிடும். ரெண்டு சுற்றுல நின்னா மரை ஆழமா வெட்டலை. ஏழெட்டு சுற்று சுலபமா போச்சுன்னா அதிகமா வெட்டியாச்சு. சுவரும் மெலிஞ்சிருக்கும், ஆப்பும் பிடிக்காது. டேப்பை எவ்வளவு சுத்தினாலும் ஒழுகும். சரியா இறுக்கின பிறகு, கடைசியில முழுசா வெட்டாத ஒண்ணு ரெண்டு மரை வெளியே தெரியணும். அதையும் உள்ளே தள்ளிடலாம்னு பலம் கொடுத்தா, பித்தளை எல்போ வாய் பிளந்துடும்.

அடுத்த தடவை கடைக்குப் போனா, அளந்த எண்ணைச் சொல்லாதீங்க. 21 மில்லிமீட்டர் அளந்தா "அரை இஞ்ச்"னு கேளுங்க. முக்கால் இஞ்ச் பைப் அளந்தா 26.9 காட்டும், ஒரு இஞ்ச் 33.7 காட்டும். இந்த மூணும் நினைவுல இருந்தா வீட்டு வேலைக்குப் போதும்.