பேலட் பலகையில் பால்கனி பெஞ்ச்

பழைய பேலட்டைக் கடப்பாரையால் நெம்பினால் முதலில் பிளப்பது பலகையின் நுனிதான். பல பேலட்டுகளில் முறுக்கு ஆணிகள் இருக்கும். அவை மரத்தைக் கவ்விக்கொண்டு வர மறுக்கும்.

ஆகவே பிடுங்காமல் அறுப்பதே நல்லது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே மர ஆப்பைத் தட்டி, கிடைக்கும் இடைவெளியில் இரும்பறுக்கும் ரம்பப் பிளேடை நுழைத்து ஆணியைத் துண்டிக்கலாம். பலகையில் தங்கும் ஆணித்தலையைப் பின்புறமிருந்து தட்டி எடுத்த பிறகே இழைக்க வேண்டும்; இல்லையென்றால் இழைப்புளியின் வாய் போய்விடும். ‘எம்.பி.’ முத்திரையுள்ள பேலட் மெத்தில் புரோமைடு புகையூட்டப்பட்டது, அதைத் தொடவே வேண்டாம். ‘எச்.டி.’ என்றால் வெப்பமூட்டியது.

காய்ந்த பலகையில் திருகாணியை நேரடியாக முடுக்கினால் மறுபடி பிளவுதான். 4 மி.மீ. திருகாணிக்கு முதலில் 2.5 மி.மீ. துளை, ஓரத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி. கால்களைச் சட்டத்தோடு போல்ட்டால் இணைத்தால் ஆடாது. இருக்கைப் பலகைகளுக்கிடையே 5 மி.மீ. விட்டால் மழைநீர் வடியும்.