எண் சொல்லும், நேரம் சொல்லாது

கிட்டார் டேப்பில் இருக்கும் ஆறு கோடுகளும் ஆறு தந்திகள். மேல்கோடு மிக மெல்லிய முதல் தந்தி. கீழ்க்கோடு தடித்த ஆறாம் தந்தி. கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த தந்திதான் மேலே இருக்கும், அதனால் புதியவர்கள் தலைகீழாக வாசிப்பது சகஜம். கோட்டின் மேலுள்ள எண், எந்த ஃபிரெட்டில் விரல் அழுத்த வேண்டும் என்பது. 0 என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும்.

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் புகழ்பெற்ற மெட்டின் முதல் வரிக்கு மேலிரு தந்திகள் போதும்:

```
e|-0-0-1-3-3-1-0---------0-0-----|
B|---------------3-1-1-3-----3-3-|
```

இடமிருந்து வலமாக மீட்டினால் சுரங்கள் சரியாக வந்துவிடும். ஆனால் கடைசி மூன்று எண்களைப் பாருங்கள். 0 ஒன்றரைத் தட்டு நீள வேண்டும், அடுத்த 3 அரைத் தட்டு, கடைசி 3 இரண்டு தட்டு. டேப்பில் மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. மெட்டை ஏற்கெனவே கேட்டவர் காதால் சரிசெய்துகொள்வார். கேட்காதவர் எல்லாவற்றையும் ஒரே சீராகத் தட்டுவார், மெட்டு தட்டையாகிவிடும். ஐந்துகோட்டு இசைக்குறிப்பிலோ புள்ளி, வால், உள்ளீடற்ற தலை ஆகியவை அந்த நீளத்தைக் காட்டிவிடும்.

இடம் காட்டுவதில் டேப் முந்துகிறது. முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டும் அதே சுரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும் கிடைக்கும். எங்கே வாசிப்பது என்பதை ஐந்துகோட்டுக் குறிப்பு பெரும்பாலும் வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது. அச்சுப் புத்தகங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வாங்கும்போது அப்படிப்பட்டதையே தேடுங்கள்.