வடக்கு அறை, தெற்கு அறை, ஒரே டப்பா பெயிண்ட்

"ரெண்டு ரூமுக்கும் வேற வேற டப்பாவா அடிச்சீங்க?" பெயிண்டர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் டப்பாவில் தவறு இருக்காது. ஜன்னல் பார்க்கும் திசைதான் காரணம்.

சென்னையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு படுக்கையறையின் ஜன்னல் வடக்கே திறக்கிறது, இன்னொன்றின் ஜன்னல் தெற்கே. இரண்டு அறைக்கும் லேசாக மஞ்சள் கலந்த ஒரே வெள்ளை. தை மாதத்து மதியத்தில் பார்த்தால், தெற்கு அறையில் அது கிரீம் நிறமாகப் பளிச்சென்று இருக்கும். வடக்கு அறையில் அதே பெயிண்ட் மஞ்சள் வெளுத்து, சாம்பல் படிந்ததுபோலத் தெரியும்.

தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதுதான் சுவரின் வேலை. தெற்கு ஜன்னலில் வரும் உச்சி வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது. நீல வானத்தின் ஒளி மட்டும்தான். தெளிந்த வானமென்றால் அது 10,000 கெல்வினையும் தாண்டும். எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். பெயிண்டில் இருக்கும் கொஞ்சம் மஞ்சளை அந்த நீலம் ஈடுகட்டிவிடுகிறது. ஒளியின் அளவும் அங்கே குறைவு என்பதால், மிஞ்சுவது சாம்பல். வெளிர் நிறங்களில்தான் இந்த மாற்றம் அதிகம். அவற்றுக்குச் சொந்த நிறம் கொஞ்சமே என்பதால் ஒளியின் சாயல் அதை எளிதில் மிஞ்சிவிடும். வெளிர் சாம்பல் வடக்கு அறையில் நீலமாகவே தெரிவதும் இதனால்தான். அடர்ந்த செங்காவி இந்த அளவுக்கு ஆட்டம் காணாது.

ஓர் அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் கண் அந்த ஒளிக்குப் பழகிவிடும், வித்தியாசமும் மங்கிவிடும். ஹாலில் நின்று இரண்டு அறைகளையும் கதவு வழியே ஒருசேரப் பார்க்கும்போதுதான் அது உறுத்தும்.

வடக்கு என்றால் குளிர்ந்த ஒளி, தெற்கு என்றால் இதமான ஒளி என்று அலங்காரப் புத்தகங்கள் எழுதுவது லண்டன் போன்ற ஊர்களை வைத்து. அங்கே ஆண்டு முழுக்க உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கும். சென்னையின் கதை வேறு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. ஜூனில் காலை, மாலை வெயில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே விழும். அது தாழ்ந்த சூரியனின் ஒளி, மஞ்சள் கூடியது. அப்போது தெற்கு அறைக்கு நேர் வெயிலே கிடையாது, வானத்து ஒளி மட்டும்தான். எனவே ஜூனில் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்தவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை. இரண்டு அறைகளின் குணமும் அதற்குள் இடம் மாறியிருக்கும்.

டிசம்பர் கடைசியிலும் சென்னையில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. ஏழடி உயரத்தில் ஜன்னல் தலைப்பும் இரண்டடி சன்ஷேடும் இருந்தால், நடுப்பகல் வெயில் தரையில் மூன்றடி வரைதான் வரும். சுவருக்குப் போவது தரையில் பட்டுத் திரும்பும் ஒளி. சிவப்பு ஆக்சைடு தரையானால் சுவரின் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பு ஏறும். வெள்ளை டைல்ஸ் அப்படிச் செய்யாது. ஜன்னலுக்கு வெளியே ஐந்தடியில் பக்கத்து வீட்டின் பச்சைச் சுவர் இருந்தால், திசைக் கணக்கையே மறந்துவிடலாம். அறைக்குள் வருவது அந்தச் சுவரின் ஒளிதான்.

ஷேட் கார்டின் சின்னக் கட்டத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடையில் சிறு சாம்பிள் டப்பா கலக்கித் தருவார்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் வெள்ளை பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் பூசுங்கள். விளிம்பில் ஒரு பட்டை வெள்ளையாக இருக்கட்டும். சாயல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதுதான் காட்டும். பழைய நிறச் சுவரில் நேரடியாகப் பூசினால் சுற்றியுள்ள நிறம் கண்ணைக் குழப்பும். பலகையைப் படுக்கப் போடாமல் சுவரோடு நிறுத்தி, காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து, பிறகு இரவில் விளக்கு போட்டும் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒருமுறை, ஜன்னல் இருக்கும் சுவரில் ஒருமுறை. ஜன்னல் உள்ள சுவருக்கு நேரடி ஒளி கிடைக்காது. எந்தத் திசையானாலும் அது ஒரு படி இருண்டே தெரியும்.

அதே பலகையை அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் டப்பா சந்தேகமும் தீர்ந்துவிடும். பலகை அங்குள்ள சுவரோடு ஒன்றிப்போனால் பெயிண்ட் ஒன்றுதான். இரண்டு அறையும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பவர்கள், வடக்கு அறைக்கு மஞ்சள் ஒரு படி கூடிய ஷேடை எடுத்து அதையும் இப்படியே பலகையில் பார்க்கவேண்டும். ஆண்டில் ஒருமுறை சூரியன் வடக்கே வரும் மாதங்களில் அந்த அறை கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத்தான் தெரியும். அதைத் தவிர்க்க வழியில்லை.